சீட் நிரம்பினால் லாபம் வந்துவிடாது

விமான நிறுவனம் ஒன்று நஷ்டக் கணக்கு காட்டியதும் ஒரு கேள்வி எழும். ‘ஏறினால் ஒரு சீட்கூடக் காலியாக இல்லை, பிறகு எப்படி நஷ்டம்?’ அதை ஒட்டியே மூன்று முடிவுகளும் சொல்லப்படும்: கூட்டம் இருக்கும் தொழிலில் நஷ்டம் வந்தால் நிர்வாகம் சரியில்லை, சீட் நிரம்பாவிட்டால் கட்டணத்தைக் குறைத்து நிரப்பினால் போதும், விற்பனை பத்து விழுக்காடு கூடினால் லாபமும் பத்து விழுக்காடு கூடும். பங்குச் சந்தையில் பணம் போடுகிறவர்கள்கூட இப்படி நம்புகிறார்கள். இந்த மூன்று வாதங்களும் தவறு. மூன்றிலும் விடுபட்டுப்போவது நிலைச் செலவு.

சென்னையிலிருந்து மதுரைக்குப் பறக்கும் 78 சீட் கொண்ட ஏடிஆர் விமானம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கணக்குப் புரிவதற்காகச் சில தொகைகளை நானே வைத்துக்கொள்கிறேன். விமானத்தின் வாடகை, விமானிகள் சம்பளம், எரிபொருள், பராமரிப்பு, நிலையக் கட்டணம் எல்லாம் சேர்ந்து ஒரு நடைக்கு 2,10,000 ரூபாய். எரிபொருளை இதில் சேர்ப்பது சிலருக்கு முரணாகத் தோன்றலாம். பத்துப் பேர் ஏறினாலும் எழுபது பேர் ஏறினாலும் எரியும் எண்ணெயில் பெரிய வித்தியாசம் இல்லை. நடையை ரத்து செய்தால்தான் அந்தச் செலவு மிச்சமாகும். பறப்பது என்று முடிவான பிறகு அதுவும் நிலைச் செலவுதான். ஒரு பயணியால் கூடுதலாக ஆகும் செலவு, டிக்கெட் விற்ற முகவருக்கான கழிவு, பயணிக்கான சேவைகள் எல்லாம் சேர்த்து 500 ரூபாய் என்று வைப்போம். சராசரிக் கட்டணம் 4,000. ஆக, ஒவ்வொரு பயணியும் நிலைச் செலவை அடைக்க 3,500 ரூபாய் தருகிறார். அறுபதாவது பயணி ஏறும்போது 2,10,000 அடைபடுகிறது. லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை என்ற சமநிலைப் புள்ளி அது. முதல் அறுபது பேரும் விமானத்துக்காகப் பறக்கிறார்கள். முதலாளிக்குக் கிடைப்பது அதற்கு மேல் ஏறுகிறவர்களிடமிருந்துதான்.

66 பேர் ஏறினால் லாபம் 21,000. 72 பேர் ஏறினால் 42,000. பயணிகள் கூடியது ஒன்பது விழுக்காடு, லாபம் இரட்டிப்பு. அதே ஆறு பேர் குறைந்து 60 ஆனால் லாபம் முழுதும் போய்விடுகிறது. 54 ஆனால் 21,000 நஷ்டம். நிர்வாகத்தில் யாரும் மாறவில்லை, யாரும் திருடவில்லை. இதைத்தான் நிதித் துறையில் ஆபரேட்டிங் லெவரேஜ் என்கிறார்கள். சிறிய அசைவைப் பெரிதாக்கித் தருகிற நெம்புகோல் அது; ஏற்றுவதும் இறக்குவதும் அதற்கு ஒன்றுதான். அதன் வலிமையும் எங்கும் ஒரே அளவு இல்லை. 66 பேர் இருக்கும்போது பயணிகள் ஒரு விழுக்காடு மாறினால் லாபம் பதினொரு விழுக்காடு மாறுகிறது. 72 பேர் இருக்கும்போது ஆறு விழுக்காடுதான். சமநிலைப் புள்ளியை நெருங்க நெருங்க ஆட்டம் கூடும். விற்பனையும் லாபமும் ஒரே வேகத்தில் நகரும் என்பது நிலைச் செலவே இல்லாத தொழிலுக்கு மட்டும் பொருந்தும்.

கணக்கைத் தாளில் மட்டும் பார்க்க வேண்டியதில்லை. கொரோனா காலத்தில் 2020 மார்ச் இறுதியில் உள்நாட்டு விமானங்கள் நிறுத்தப்பட்டன. மே 25 அன்று மூன்றில் ஒரு பங்கு சேவையோடுதான் மீண்டும் தொடங்கின. இண்டிகோவின் வருமானம் 2019–20இல் ஏறத்தாழ 35,700 கோடி ரூபாய், நஷ்டம் சுமார் 240 கோடி. அடுத்த ஆண்டில் வருமானம் 14,600 கோடியாகச் சரிந்தது. நஷ்டம் 5,800 கோடியாக வளர்ந்தது. பறக்காத விமானத்துக்கு எரிபொருள் செலவு இல்லை, வாடகை உண்டு. பின்னர் 2022–23இல் சுமார் 300 கோடி நஷ்டத்தில் இருந்த அதே நிறுவனம், மறு ஆண்டில் 8,100 கோடிக்கு மேல் லாபம் காட்டியது. வருமானம் கூடியதோ கால் பங்கு அளவுதான். அந்த ஆண்டில் எரிபொருள் விலை இறங்கியது, கோ ஃபர்ஸ்ட் நிறுவனம் பறப்பதை நிறுத்தியது என்ற காரணங்களையும் மறைக்கக் கூடாது. ஆனால் அவை கொடுத்த சிறு உந்துதலை இவ்வளவு பெரிய லாபமாக்கியது நெம்புகோல்.

‘சீட் நிரம்பியிருக்கிறதே’ என்ற வாதத்துக்கு வருவோம். நம் கணக்கில் எரிபொருள் நிலைச் செலவில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 70,000 ரூபாய் என்று கொள்வோம். எண்ணெய் விலை முப்பது விழுக்காடு ஏறினால் கூடும் செலவு 21,000. விமானத்தில் 66 பேர், ஐந்தில் நான்கு சீட்டுக்கு மேல் நிரம்பியிருக்கிறது, லாபம் பூஜ்யம். சமநிலைப் புள்ளி 60 பேரிலிருந்து 66 பேருக்கு நகர்ந்துவிட்டது, அதை ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருப்பவர் பார்க்க முடியாது. 2018இல் நடந்தது இதுதான். எண்ணெய் விலை ஏறியது, ரூபாய் மதிப்பு இறங்கியது, போட்டியால் கட்டணத்தை ஏற்ற முடியவில்லை. 2015இல் சந்தைக்கு வந்த பிறகு முதன்முறையாக இண்டிகோ 2018 செப்டம்பர் காலாண்டில் 652 கோடி ரூபாய் நஷ்டம் காட்டியது. அப்போதும் அதன் சீட்டுகளில் 80 விழுக்காட்டுக்கு மேல் நிரம்பியே இருந்தன. கடன் சுமையும் சேர்ந்து அழுத்திய ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில் பறப்பதையே நிறுத்தியது. எத்தனை சீட் நிரம்பியது என்ற எண் தனியாக ஒன்றும் சொல்லாது. எத்தனை நிரம்பினால் செலவு அடைபடும் என்ற எண்ணை அதன் பக்கத்தில் வைத்தால்தான் அதற்குப் பொருள்.

கட்டணத்தைக் குறைத்து நிரப்பலாம் என்பது கொஞ்சம் கனமான வாதம், ஏனென்றால் அதில் பாதி உண்மை இருக்கிறது. விமானம் கிளம்பும் நேரத்தில் காலியாக இருக்கும் ஒரு சீட்டை 1,000 ரூபாய்க்கு விற்றாலும் 500 ரூபாய் கையில் நிற்கும். அதை விற்காமல் விடுவதுதான் முட்டாள்தனம். சிக்கல் என்னவென்றால், கடைசி சீட்டுக்கு நியாயமான விலை எல்லாச் சீட்டுக்கும் பரவிவிடுகிறது. ஒரு நிறுவனம் குறைத்தால் மற்றதும் குறைக்கிறது. பயணியும் காத்திருந்து வாங்கப் பழகிவிடுகிறார். சராசரிக் கட்டணம் பத்து விழுக்காடு குறைந்து 3,600 ஆனால் ஒரு பயணி தருவது 3,100 ரூபாய். இப்போது செலவை அடைக்கவே 68 பேர் வேண்டும். கட்டணக் குறைப்பால் ஆறு பேர் கூடுதலாக வந்து 72 ஆனாலும் லாபம் 13,200தான். முன்பு 66 பேரோடு கிடைத்தது 21,000. பழைய லாபத்தைத் தொட 75 பேர் வேண்டும், மொத்த சீட்டே 78. கூட்டம் கூடிக்கொண்டே லாபம் தேய்கிற நிலை இப்படித்தான் வருகிறது.

‘அப்படியென்றால் விமானத்தைச் சொந்தமாக வாங்காமல் வாடகைக்கு எடுத்தால் போதாதா?’ என்று கேட்கலாம். இண்டிகோ நெடுங்காலம் செய்ததும் அதுதான். அதனால் முதலீட்டுச் சுமை குறையும், நெம்புகோல் குறையாது. வாடகை மாதாமாதம் கட்ட வேண்டியது, அதுவும் பெரும்பாலும் டாலரில். நிலைச் செலவு உண்மையில் இளக வேண்டுமானால் பணம் கட்டும் விதியே மாற வேண்டும். எஞ்சின் பராமரிப்பைப் பறந்த மணிநேரத்துக்கு இவ்வளவு என்று ஒப்பந்தம் செய்வது அந்த வகை: பறக்காத மாதத்தில் அந்தக் கட்டணம் தானாகக் குறைகிறது. அதற்கு விலையும் உண்டு. சுமையை ஏற்கும் எஞ்சின் நிறுவனம் நல்ல காலத்தில் மணிக்கு அதிகம் வாங்கிக்கொள்ளும். நிலைச் செலவு அதிகம் என்பதாலேயே ஒரு தொழிலைத் தள்ளிவிடச் சொல்லவில்லை நான். 72 பேரோடு பறக்கிறவருக்கு இரட்டிப்பு லாபம் தந்ததும் அதே செலவு அமைப்புதான். ஆனால் ஒரு நல்ல ஆண்டின் லாபத்தை வைத்துப் பங்கின் விலையைக் கணிப்பவர், அந்த நிறுவனம் தன் சமநிலைப் புள்ளிக்கு மேல் எத்தனை சீட் தள்ளி நிற்கிறது என்பதை முதலில் பார்த்துவிட்டுக் கணிக்கட்டும்.