"எல்லாருக்கும் ராஜா போதும்" என்கிற ஏமாற்று

குடும்பத்தோடு வேன் பிடித்து ஊருக்குப் போகிறார்கள் என்றால் பாட்டுக்குப் பொறுப்பு யாரிடம் போகும் என்று சொல்லத் தேவையில்லை. வேனுக்கு அட்வான்ஸ் கொடுத்தவர் யாரோ, அந்த ஐம்பது வயதுக்காரரிடம்தான். அவர் ஒரு பென் டிரைவில் முன்னூறு பாட்டை ஏற்றிக்கொண்டு வருவார். அத்தனையும் இளையராஜா. கேட்டால் ஒரே பதில்: "ராஜா எல்லா வயசுக்கும் பொது. பெரியவங்களுக்கும் பிடிக்கும், சின்னதுகளுக்கும் பிடிக்கும்."

இந்தப் பொய் எத்தனை பயணங்களைக் கெடுத்திருக்கிறது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். ராஜாவின் மேன்மை பற்றி இங்கே வாதமே இல்லை. வாதம் கணக்கைப் பற்றியது.

மனிதருக்கு எந்தப் பாட்டு மனதில் ஒட்டுகிறது? பெரும்பாலும் பன்னிரண்டு வயதிலிருந்து இருபத்தைந்து வயதுக்குள் கேட்டதுதான். இப்போது கூட்டிக் கழித்துப் பார்க்கலாம். இன்று 75 வயதாகும் தாத்தா 1950 வாக்கில் பிறந்தவர். ராஜாவின் முதல் படமான அன்னக்கிளி வந்தது 1976ல். அப்போது அவருக்கு 26 வயது. கல்யாணமாகி, கையில் குழந்தையோடு, மாதக் கடைசியில் சம்பளத்தை எண்ணிக்கொண்டிருந்திருப்பார். அவருடைய பாட்டெல்லாம் விஸ்வநாதன்-ராமமூர்த்தியும் கே.வி.மகாதேவனும் போட்டவை. காதலிக்க நேரமில்லை, கர்ணன், படகோட்டி மூன்றும் வந்தது 1964ல், திருவிளையாடல் 1965ல். ஐம்பது வயதுக்காரரோ 1975ல் பிறந்தவர். அவர் பள்ளிக்கூடம் போன காலம் முழுக்க ராஜா; கல்லூரிக்குள் நுழையும்போது 1992ல் ரோஜா வந்துவிட்டது. கல்லூரியில் படிக்கும் பெண்ணுக்கோ அனிருத். ஆக, "எல்லாருக்கும் பொது" என்று அப்பா சொல்வது உண்மையில் அப்பாவின் பட்டியல். தாத்தா மறுப்புச் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பதால் அவருக்குப் பிடித்திருக்கிறது என்று ஆகிவிடாது. மகன் செலவு செய்து கூட்டிப்போகிறான், எதற்கு வம்பு என்று இருக்கிறார். அவ்வளவுதான்.

சரி, சர்வாதிகாரம் வேண்டாம், ஜனநாயகமாக ஆளுக்கு ஒரு பாட்டு என்று வைத்துக்கொள்ளலாமே என்று ஒரு கட்சி கிளம்பும். இது அதைவிட மோசம். நான்கு தலைமுறைக்கு மாற்றி மாற்றிப் பாட்டு வைத்தால், தாத்தா தன் ஒரு பாட்டுக்காக மற்ற மூன்றைத் தாண்டிக் காத்திருக்க வேண்டும். பாட்டு ஒன்றுக்கு நாலரை நிமிடம் என்றால் ஏறக்குறைய பதிமூன்று நிமிடம். சௌந்தரராஜன் பாட்டு முடிந்த கையோடு குத்துப்பாட்டின் பறை இறங்கும்; அது முடிந்ததும் தாலாட்டு. யாருக்கும் எந்த மனநிலையும் பிடிபடாது. அரை மணி நேரத்தில் ஆளாளுக்கு "இதை மாத்து" என்று கத்த ஆரம்பிப்பார்கள். கடைசியில் பாட்டே வேண்டாம் என்று டிரைவர் அணைத்துவிடுவார்.

மூன்றாவது கட்சி இளவட்டங்கள். காதில் இயர்போனை மாட்டிக்கொண்டால் பிரச்சனை தீர்ந்தது என்பார்கள். தீர்ந்தது பிரச்சனை இல்லை, பயணம். ஒன்பது மணி நேரம் ஒரே வண்டிக்குள் உட்கார்ந்தும் தாத்தாவும் பேத்தியும் ஒரு வார்த்தை பேசாமல் இறங்கிப் போவதற்குப் பெயர் குடும்பச் சுற்றுலா என்றால், தனித்தனி பஸ்ஸில் போயிருக்கலாம், காசாவது மிஞ்சியிருக்கும்.

இதில் பாட்டியின் கதை தனி. "சத்தத்தைக் குறைப்பா" என்று பாட்டி சொன்னதும் "பாட்டிக்குப் புதுப் பாட்டு பிடிக்காது" என்று முத்திரை குத்திவிடுகிறார்கள். அவர் சொன்னது பாட்டைப் பற்றியே இல்லை. வயதாக ஆக முதலில் போவது கீச்சென்ற உயர்ந்த ஒலிகளைக் கேட்கும் திறன். ச, த, ப போன்ற மெய்யொலிகள் தெளிவு குறைந்துவிடும்; சொல் விளங்காது. அதன் மேல் எஞ்சினும் டயரும் எழுப்பும் தாழ்ந்த இரைச்சல் வேறு மூடிக்கொள்கிறது. சத்தத்தைக் கூட்டினால் கேட்குமே என்று தோன்றும். ஆனால் வயதான காதில் மெல்லிய ஒலி கேட்காது; கொஞ்சம் கூட்டினால் சட்டென்று வலிக்கும்படி கேட்கும். நடுவில் இருக்கும் இடம் மிகக் குறுகல். புதுப் பாட்டில் தாளம் முன்னால் நிற்கிறது, குரல் அதற்குள் புதைந்திருக்கிறது. பாட்டிக்கு வந்து சேர்வது வெறும் இடி மட்டும். அறுபதுகளின் பாட்டில் குரல் முன்னால் நிற்கும். குறைந்த சத்தத்திலும் சொல் புரியும். பாட்டியை ஸ்பீக்கருக்கு நேர் கீழே உட்கார வைக்காமல் இரண்டு வரிசை தள்ளி உட்கார வைத்தாலே பாதிச் சண்டை ஓய்ந்துவிடும்.

அப்படியானால் என்னதான் செய்வது? ஒரு குடும்பத்தையே எடுத்துப் பார்க்கலாம். பதினான்கு பேர். 78 வயதுத் தாத்தா, 72 வயதுப் பாட்டி, ஐம்பதை ஒட்டிய மூன்று தம்பதிகள், கல்லூரிப் பிள்ளைகள் நால்வர், ஏழு வயதிலும் ஐந்து வயதிலும் இரண்டு வாண்டுகள். தாம்பரத்தில் காலை ஐந்து மணிக்கு வேன் ஏறி, விழுப்புரத்தில் டிபன், திருச்சி தாண்டி, பிற்பகல் இரண்டு மணிக்கு மதுரை. மொத்தம் ஒன்பது மணி நேரம். இதை முழுக்கப் பாட்டால் நிரப்பினால் நூறு பாட்டுக்கு மேல் வேண்டும். இங்கேதான் எல்லோரும் தப்புச் செய்கிறார்கள். நிரப்பவே கூடாது. ஐந்து மணி நேரத்துக்கு, சுமார் அறுபத்தைந்து பாட்டு போதும். மீதி நேரம் மௌனம், பேச்சு, டிபன், தூக்கம். மௌனத்தையும் பட்டியலில் எழுதி வைக்க வேண்டும். இல்லையென்றால் யாராவது ஒருவர் கை பரபரத்துப் பொத்தானை அமுக்கிவிடுவார்.

கிளம்பியதும் முதல் அரை மணி பக்திப் பாட்டு, தணிந்த சத்தத்தில். சூலமங்கலம் சகோதரிகளின் கந்த சஷ்டி கவசம் ஓடினால் பாட்டிக்குப் பயணம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். வேறு மதத்துக் குடும்பம் என்றால் அவர்கள் வீட்டில் விடியற்காலை எது கேட்குமோ அது. அப்புறம் விழுப்புரம் வரை ஒன்றும் வேண்டாம், பிள்ளைகள் தூங்கட்டும். டிபன் முடிந்து ஏறியதும் எல்லோரும் விழித்திருப்பார்கள், வயிறும் நிறைந்திருக்கும். இதுதான் நாளின் சிறந்த நேரம். இதைத் தாத்தாவுக்குக் கொடுக்க வேண்டும். வழக்கமாக அவர் பாட்டை மதியத் தூக்கத்தில் தள்ளிவிடுகிறார்களே, அது அநியாயம்.

அங்கிருந்து தலைமுறைக்கு ஒரு பாட்டாக இல்லாமல், ஐந்தைந்து பாட்டாகச் சேர்த்து வைக்க வேண்டும். ஐந்து பாட்டு என்றால் இருபது நிமிடத்துக்குச் சற்று மேல். அவ்வளவு நேரம் யாரும் பொறுத்துக்கொள்வார்கள். பாட்டுக்கு உரியவருக்கும் ஆற அமரக் கேட்ட திருப்தி. ஒரு ஐந்துக்கும் அடுத்த ஐந்துக்கும் நடுவில் ஒரு பாலம் வேண்டும். ரீமிக்ஸ் என்றாலே மூக்கைச் சுளிக்கும் ரசிக சிகாமணிகள் கவனிக்க வேண்டிய இடம் இது. படகோட்டியில் 1964ல் வந்த டூயட்டை 2004ல் நியூ படத்தில் ரஹ்மான் புதிதாகப் போட்டார். சொர்க்கத்தில் 1970ல் வந்த சிவாஜி பாட்டு 2007ல் அழகிய தமிழ்மகனில் விஜய்க்கு வந்தது. பழையதை முதலில் வைத்து, உடனே புதியதை வைத்தால் என்ன நடக்கும்? தாத்தா "இது நம்ம பாட்டாச்சே" என்று நிமிர்வார். பேத்தி "அய்யோ, இது அங்கேருந்து சுட்டதா?" என்று இயர்போனைக் கழற்றுவாள். அடுத்த பத்து நிமிடம் எது உசத்தி என்று சண்டை நடக்கும். அந்தச் சண்டைக்காகத்தானே இத்தனை பாடும்!

வாண்டுகளுக்கு என்று தனிக் கூச்சல் பாட்டு தேடவேண்டியதில்லை. குழந்தையும் தெய்வமும் 1965லும் அஞ்சலி 1990லும் வந்தவை. அஞ்சலி வந்தபோது எட்டு வயதாக இருந்தவர்களுக்கு இன்று நாற்பதுக்கு மேல். அம்மாவும் பிள்ளையும் சேர்ந்து பாட ஒரு இடம் அது. ஒன்றே ஒன்று: புதுப் பாட்டோ பழசோ, முழுதாகக் கேட்டுவிட்டுத்தான் பட்டியலில் சேர்க்க வேண்டும். முதல் சரணம் வரை சாதுவாகப் போய், இரண்டாவது சரணத்தில் மாமனார் முன்னால் தலைகுனிய வைக்கும் பாட்டுக்குத் தமிழில் எந்தக் காலத்திலும் பஞ்சமில்லை.

கடைசியாக, எல்லாம் சரியாகச் செய்தும் கெடுவது இரண்டு இடத்தில். ஒன்று, சத்தம். பழைய பாட்டு மெல்லப் பதிவானது, புதுப் பாட்டு உரக்கப் பதிவானது. அடுத்தடுத்து வந்தால் ஒன்று கேட்காது, அடுத்தது தூக்கிப்போடும். முந்தின நாளே கணினியில் MP3Gain போன்ற மென்பொருளில் எல்லாப் பாட்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். அதில் 89 என்று ஏற்கனவே இருக்கும் அளவே போதும். புதியவை தணியும், குறைந்த பட்சம் திடுக்கிடல் இருக்காது. இரண்டு, வரிசை. வேனில் இருக்கும் பல பிளேயர்கள் நீங்கள் கணினியில் அடுக்கிய பட்டியலைப் படிக்காது. கோப்புப் பெயரின் வரிசையிலோ, பென் டிரைவில் எது முதலில் ஏறியதோ அந்த வரிசையிலோதான் பாடும். எனவே பெயருக்கு முன்னால் மூன்று இலக்க எண் போட்டு, அதே வரிசையில் ஒவ்வொன்றாக ஏற்ற வேண்டும்:

```
021_padagotti_1964.mp3
022_new_2004.mp3
```

பென் டிரைவ் FAT32 ஆக இருப்பது நல்லது. வேறு வகையைப் பழைய பிளேயர்கள் கண்டுகொள்ளாது. ஷஃபிள் பொத்தான் அணைந்திருக்கிறதா என்று கிளம்பும்போதே பார்க்க வேண்டும். மூன்றாவது பாட்டே பட்டியலின் கடைசியிலிருந்து வந்தால் யாரோ அதை அமுக்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

டிரைவர் தூங்காமல் இருக்கப் பாட்டு வேண்டும் என்பதும் ஒரு மூடநம்பிக்கை. பாட்டு கொஞ்ச நேரம் உலுக்கும், தூக்கத்தை விரட்டாது. கண் சொருகினால் வண்டியை நிறுத்தி அவர் அரை மணி தூங்க வேண்டும். அந்த அரை மணி எந்தப் பாட்டும் இல்லாமல் இருந்தால் இன்னும் நல்லது.

அப்பாக்கள் கோபித்துக்கொள்ளலாம். ராஜாவுக்கு இந்தப் பட்டியலில் இடம் இல்லாமல் இல்லை. திருச்சியிலிருந்து மதுரை வரை, வெயில் ஏறிய பிறகு, அவருடைய நேரம். ஆனால் தாம்பரத்திலிருந்து விராலிமலை வரை அவரே வந்தால், அது பின் சீட்டில் ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் 78 வயது மனிதருக்குச் செய்யும் அநீதி. அவர் கேட்க மாட்டார். அதனால்தான் கேட்காமலே கொடுக்க வேண்டும்.