மைக்கில் சொல்லக் கூடாத அடையாளம்

மார்கழித் திருவாதிரை அன்று, திருச்சுழி திருமேனிநாதர் கோயிலில் தரிசனக் கூட்டம் கலைகிறது. பிராகாரத்தில் கிடந்த குழந்தைக் கொலுசு ஒன்றைப் பூக்காரம்மா எடுத்துவந்து கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். உடனே மைக் அலறும்: "அஞ்சு மணி வச்ச வெள்ளிக் கொலுசு, கொக்கிக்குப் பதிலா கறுப்பு நூல் கட்டியிருக்கு, தவறவிட்டவங்க வந்து வாங்கிக்கோங்க!"

நல்ல மனசோடு சொன்னதுதான். ஆனால், அந்தக் கறுப்பு நூல்தான் உரியவரிடம் இருந்த ஒரே சாட்சி. அதை ஊரே கேட்டுவிட்டது. இனி யார் வந்து சொன்னாலும் சரியாகத்தான் சொல்வார்கள்.

மைக்கில் "குழந்தைக் கொலுசு ஒன்று கிடைத்திருக்கிறது" என்று சொன்னால் போதும். மற்றதெல்லாம் பதிவேட்டுக்குள் இருக்கட்டும். கிடைத்த தேதி, நேரம், இடம், கொண்டுவந்து கொடுத்தவர் பெயர், அவர் கையெழுத்து, பொருளின் விவரம் எல்லாம் ஒரே வரிசையில் வர வேண்டும். மணி எத்தனை, நூல் என்ன நிறம் என்பதையும் அங்கே எழுதி, கொலுசை உறையில் போட்டு ஒட்டி, உறையின் மேல் வரிசை எண்ணைக் குறிக்க வேண்டும். அந்தப் பக்கத்தை வருகிறவர் கண்ணில் படும்படி விரித்து வைக்கக் கூடாது.

விவரம் எழுதும்போது இன்னொரு கவனமும் வேண்டும். "வெள்ளிக் கொலுசு" என்று எழுதாமல் "வெள்ளை நிற உலோகக் கொலுசு" என்று எழுதுவதே பாதுகாப்பு. சங்கிலி என்றால் "மஞ்சள் நிற உலோகம்". உரசிப் பார்க்காமல் "தங்கம்" என்று எழுதி, பிறகு அது கவரிங் என்று தெரிந்தால், 'அசலை மாற்றிவிட்டார்கள்' என்ற பழி பதிவேடு எழுதியவர் தலையில்தான் விழும். பணப்பை என்றால், கொடுத்தவர் முன்னாலேயே எண்ணி, எந்த நோட்டு எத்தனை என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிட வேண்டும்.

குழந்தையின் காலில் கொலுசு இல்லை என்பது, அருப்புக்கோட்டை பஸ் பிடித்து வீட்டுக்குப் போய் இறங்கிய பிறகுதான் அம்மாவுக்குத் தெரியும். திரும்பி வர ஒரு வாரமாகலாம். அன்றைய மைக் அறிவிப்பு அன்றோடு போயிற்று. பதிவேடுதான் காத்திருக்கும்.

அவர் வந்ததும் உறையை எடுத்துக் காட்டக் கூடாது. "இந்தக் கொலுசா பாரு தாயி" என்று கேட்டால் யாரும் "ஆமாம்" என்றுதான் சொல்வார்கள்.

"என்ன தாயி தொலைஞ்சுச்சு?"

"பிள்ளை கொலுசுங்கய்யா. திருவாதிரை அன்னைக்கு."

"கொக்கி எப்படி இருக்கும்?"

"கொக்கி அத்துப்போச்சுங்கய்யா. கறுப்பு நூல்தான் கட்டியிருந்தேன்."

இது போதாது என்றால் இன்னொரு வழி: ஜோடிக் கொலுசைக் கொண்டுவரச் சொல்லலாம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும். பிறகு, கொலுசு பதிவான அதே வரிசையில் தேதி, முகவரி, போன் எண், கையெழுத்து. கையெழுத்துப் போடத் தெரியாதவரிடம் இடது பெருவிரல் ரேகை வாங்கி, அது யாருடையது என்று பக்கத்தில் எழுதி, உடனிருந்தவர் ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். நாளைக்கு வேறொருவர் வந்து கேட்டால், பதில் சொல்வது அந்த ஒரு கையெழுத்துதான். இரண்டு பேர் ஒரே சமயத்தில் உரிமை கேட்டால், பதிவேடு எழுதுகிறவர் தீர்ப்புச் சொல்லக் கூடாது. போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட வேண்டும்.

'யாரும் வரவில்லை, உண்டியலில் போட்டுவிடலாம்' என்று சிலர் நினைப்பார்கள். உண்டியலுக்குள் விழுந்தது காணிக்கையாகிவிடும். அதைத் திரும்பக் கொடுக்க விதி எளிதில் இடம் தராது. பழனியில் கேரளப் பெண் ஒருவரின் தங்கச் சங்கிலி தவறி உண்டியலில் விழுந்தது. உண்டியலிலிருந்து எடுத்துத் தர முடியாததால், 2023-ல் அறங்காவலர் குழுத் தலைவர் தம் சொந்தப் பணத்தில் புதுச் சங்கிலி வாங்கிக் கொடுத்தார். 2024 டிசம்பரில் திருப்போரூர் கந்தசாமி கோயில் உண்டியலில் ஒருவரின் ஐபோன் விழுந்த செய்தி பெரிதாகப் பேசப்பட்டது. அதிலுள்ள தகவல்களை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்பதுதான் முதலில் அவருக்குக் கிடைத்த பதில்.

பதிவேட்டில் ஏறிய பொருள் அப்படியல்ல. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 71-ஆம் பிரிவு, கண்டெடுத்துத் தம் பொறுப்பில் வைத்திருப்பவரை, அடுத்தவர் பொருளைப் பாதுகாக்க வாங்கி வைத்திருப்பவர் போலவே பார்க்கிறது. பொருள் கையில் இருப்பதால் அது அவருடையது ஆகிவிடாது. விலை உயர்ந்த பொருளைத் தேடி யாருமே வராவிட்டால், அதைப் போலீஸில் ஒப்படைத்து, ரசீது எண்ணைக் கொலுசின் வரிசையிலேயே எழுதிவிடலாம். எத்தனை மாதம் கழித்து வந்தாலும், அந்த அம்மா எங்கே போய்க் கேட்க வேண்டும் என்பதை அந்த வரி சொல்லிவிடும்.