ரெண்டு லோடுக்கு மேல் கடன் இல்லை

போன மாதம் கிள்ளானிலிருந்து ஒருவர் அழைத்தார். புதிதாகக் காய்கறிக் கடை திறந்திருக்கிறாராம். வாரம் மூன்று லோடு, ஒவ்வொன்றும் சுமார் 1,200 வெள்ளிக்கு முட்டைக்கோஸும் தக்காளியும் வேண்டும். "காசு மட்டும் 30 நாள் கழிச்சு, தம்பி. எல்லாரும் அப்படித்தானே கொடுக்கிறாங்க" என்றார்.

லெம்பா பெர்த்தாமில் காய்கறி போடும் எங்களுக்கு இப்படி ஓர் அழைப்பு வந்தால் இனிக்கத்தான் செய்யும். பழுத்த தக்காளி நமக்காகக் காத்திருக்காது. ஆனாலும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். முதல் லோடுக்குக் காசு வரும் நாளில் 13 லோடு போயிருக்கும். 15,600 வெள்ளி, முன்பின் தெரியாத ஒருவரிடம்!

ஃபிரிட்ஜ் விற்றவர், காசு வராவிட்டால் பொருளையாவது தூக்கி வரப் பார்க்கலாம். நம் முட்டைக்கோஸ் அதற்குள் யார் வீட்டிலோ பொரியலாகியிருக்கும். அதனால் காய்கறிக் கடனில் எத்தனை நாள் என்பதைவிட, ஒரே சமயத்தில் எவ்வளவு வெளியே நிற்கிறது என்பதுதான் முக்கியம்.

அன்று மாலையே வாட்சப்பில் எழுதினேன்: "அண்ணே, நம்மளைத் தேடி வந்ததுக்கு நன்றி. புதுசா வர்றவங்களுக்கு 30 நாள் தவணை நான் கொடுக்கிறதில்லை. லோரி கிளம்புறதுக்கு முன்னாடி காசை பேங்க்ல போட்டீங்கன்னா, கேட்டதை ஏத்துறேன். இல்லேன்னா 2,400 வெள்ளி வரைக்கும், அதாவது ரெண்டு லோடு, கடன். முதல் லோடு காசு வந்த பிறகுதான் மூணாவது ஏறும். ரெண்டு மாசம் சரியாப் போனா, கூட்டிப் பேசலாம்."

'இப்போது கை முடை' என்று பொய்க் காரணம் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த மாதம் அதே கேள்வி திரும்பி வரும்.

2,400 என்பது போனாலும் நான் தாங்கக்கூடிய தொகை. இன்னொன்று, 5,000 வெள்ளிக்கு உட்பட்ட பாக்கிக்குத் தனிநபர் வழக்கறிஞர் இல்லாமலே மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு கோரிக்கை வழக்குப் போடலாம்.

"முன்பணம் வாங்கிட்டு அழுகினதை ஏத்திட்டா?" என்று அவர் கேட்டார். நியாயமான கேள்விதான். சரக்கு இறங்கிய அன்று காலை 10 மணிக்குள் படம் அனுப்பினால், அடுத்த பில்லில் கழிப்பதாக ஒப்புக்கொண்டேன். ஒரு மாதம் கழித்து, 'அந்தத் தக்காளி சரியில்லை' என்று காசைப் பிடித்து வைக்கவும் இதில் வழியில்லை.

அவர் ரெண்டு லோடு கடனையே எடுத்துக்கொண்டார். மூன்று வாரம் காசு ஒழுங்காக வந்தது. நான்காவது வாரம், கல்யாண ஆர்டர் என்று நான்கு லோடு ஒரேயடியாகக் கேட்டார். எனக்குப் பழைய ஞாபகம் வந்தது. சில வருடங்களுக்கு முன் ஒரு வியாபாரி சின்ன பில்களை மளமளவென்று கட்டி, பிறகு பெரிய ஆர்டராகப் போட்டு, 9,000 வெள்ளியோடு காணாமல் போனார். அவரும் கல்யாணம் என்றுதான் சொன்னார்.

"ரெண்டு லோடு கணக்குல ஏத்துறேன் அண்ணே, மீதி ரெண்டுக்கு முன்பணம்" என்றேன். முணுமுணுத்தார். மாலை ஐந்து மணிக்குக் காசு வந்தது. நான்கையும் ஏற்றினோம்.