ஸ்டாரை விடுங்கள், சாய்வைப் படியுங்கள்

ஆய்வேடு சமர்ப்பிக்கும் பருவம் வந்துவிட்டால் என் வாட்ஸ்அப்பில் ஸ்கிரீன்ஷாட்டுகள் வரத் தொடங்கும். பொருளியல், வேளாண்மை, நர்சிங், கல்வியியல் என்று துறை எதுவானாலும் படம் ஒன்றுதான்: ரிக்ரஷன் போட்டு முடித்ததும் மென்பொருள் திரையில் கொட்டும் எண்கள். கூட வரும் கேள்வியும் ஒன்றுதான். “சார், மூணு ஸ்டார் வந்திருக்கு. ரிசல்ட் நல்லா இருக்குல்ல?”

ஸ்டாரை மட்டும் பார்த்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. ஸ்டார் இருப்பது வரியின் கடைசியில். ஆய்வு கண்டுபிடித்த சேதி இருப்பது அதே வரியின் தொடக்கத்தில். இந்த வாரம் ஒரே ஒரு ஸ்கிரீன்ஷாட்டை எடுத்துக்கொண்டு, வரியை இடமிருந்து வலமாகப் படித்துக் காட்டுகிறேன்.

ஆர் மென்பொருளை நிறுவினாலே `cars` என்ற சிறு தரவும் கூட வரும். 1920களில் அமெரிக்காவில் பதிவான 50 அளவீடுகள் அதில் இருக்கின்றன. கார் எவ்வளவு வேகத்தில் வந்தது, பிரேக் பிடித்து நிற்க எத்தனை அடி தூரம் எடுத்தது என்ற இரண்டே பத்திகள். வேளாண் பொருளியலாளர் மோர்டகாய் எசக்கியேல் 1930இல் வெளியிட்ட ஒட்டுறவுப் பகுப்பாய்வு நூலிலிருந்து வந்த தரவு இது. `summary(lm(dist ~ speed, data = cars))` என்று தட்டினால் திரையில் வருவதில் நமக்கு வேண்டிய பகுதி இவ்வளவுதான்:

```
            Estimate Std. Error t value Pr(>|t|)
(Intercept) -17.5791     6.7584  -2.601   0.0123 *
speed         3.9324     0.4155   9.464 1.49e-12 ***

Residual standard error: 15.38 on 48 degrees of freedom
Multiple R-squared:  0.6511
```

முதலில் `speed` வரியில் உள்ள 3.9324. இதுதான் சாய்வு. இதை எண்ணாக மட்டும் படிக்கக் கூடாது, அலகோடு படிக்க வேண்டும். வேகம் மணிக்கு ஒரு மைல் கூடினால், நிற்கும் தூரம் சராசரியாக 3.93 அடி கூடுகிறது. அலகு எதுவென்று ஸ்கிரீன்ஷாட் சொல்லாது. தரவைச் சேகரித்தவர்தான் சொல்ல வேண்டும். இதே தரவைக் கிலோமீட்டருக்கும் மீட்டருக்கும் மாற்றிப் போட்டால் சாய்வு 0.745 ஆகிவிடும். கார்கள் அதே கார்கள், பிரேக் அதே பிரேக். ஆகவே, சாய்வு எண் பெரிதாக இருப்பதாலேயே விளைவு பெரிது என்று சொல்லிவிட முடியாது. ஒரு மைல் வேகத்துக்கு நாலு அடி என்பது சாலையில் நடப்பவருக்கு முக்கியமா, இல்லையா என்று யோசிப்பது ஆய்வாளரின் வேலை. அதை எந்த மென்பொருளும் செய்து தராது.

அடுத்தது 0.4155, சாய்வின் திட்டப் பிழை. இதைத் தவறு என்றோ, அளவெடுத்தவரின் குறை என்றோ பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படியல்ல. இதே மாதிரி வேறு 50 ஓட்டங்களை அளந்திருந்தால் சாய்வு மறுபடி 3.9324 என்றே வந்திருக்காது. 3.6 வந்திருக்கலாம், 4.2 வந்திருக்கலாம். அப்படி மாதிரிக்கு மாதிரி எவ்வளவு ஆடும் என்பதன் மதிப்பீடுதான் 0.4155. சாய்விலிருந்து இந்தப் பிழையின் இரு மடங்கைக் கழித்தும் கூட்டியும் பார்த்தால், ஏறத்தாழ 3.1 முதல் 4.8 வரை ஓர் இடைவெளி கிடைக்கும். அதுதான் 95 சதவீத நம்பிக்கை இடைவெளி. “சுமார் நாலு அடி, மூன்றாகவும் இருக்கலாம், ஐந்தை ஒட்டியும் இருக்கலாம்” என்பதுதான் இந்தத் தரவு உண்மையில் சொல்லும் சேதி. 3.9324 என்று நாலு தசம இடம் வரை எழுதுவதில் அர்த்தமே இல்லை, முதல் தசம இடமே ஆடிக்கொண்டிருக்கிறது. இந்த ஆட்டத்தைப் பாதியாகக் குறைக்க வேண்டுமென்றால் 100 அளவீடு போதாது. நான்கு மடங்கு, அதாவது 200 வேண்டும்.

மூன்றாவது எண்ணை நீங்களே கணக்குப் போட்டுவிடலாம். 3.9324ஐ 0.4155ஆல் வகுத்தால் 9.46. அதுதான் `t value`. யாராவது ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்து எண்களைக் கையால் தட்டி அட்டவணை போட்டிருந்தால், நான் முதலில் செய்வது இந்த வகுத்தலைத்தான். பொருந்தவில்லை என்றால் எங்கோ ஓர் எண் இடம் மாறியிருக்கிறது.

இப்போது பி மதிப்பு. `1.49e-12` என்று இருப்பதை 1.49 என்று எழுதிக்கொண்டு வருபவர்கள் உண்டு. நிகழ்தகவு ஒன்றைத் தாண்டாது என்பதை நினைத்தாலே அது தப்பென்று தெரிந்துவிடும். `e-12` என்றால் புள்ளிக்குப் பின்னால் 11 சுழியங்கள் போட்டுவிட்டு 149 எழுத வேண்டும். எஸ்பிஎஸ்எஸ்ஸின் பழைய பதிப்புகள் இதையே `.000` என்று காட்டும். அதற்காக பி மதிப்பு பூஜ்யம் என்று எழுதக் கூடாது, 0.001க்கும் குறைவு என்று எழுத வேண்டும்.

பி மதிப்பு பதில் சொல்லும் கேள்வி மிகக் குறுகியது. வேகத்துக்கும் தூரத்துக்கும் உண்மையில் எந்தத் தொடர்பும் இல்லை, சரியான சாய்வு பூஜ்யம்தான் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அப்படியிருந்தும் தற்செயலாக இவ்வளவு பெரிய `t`, அல்லது இதைவிடப் பெரியது வர எவ்வளவு வாய்ப்பு? அதைத்தான் பி சொல்கிறது. தொடர்பு இல்லாமலிருக்க இவ்வளவு வாய்ப்பு என்று அதைத் திருப்பிப் படிக்கக் கூடாது. தொடர்பு வலுவானது என்றும் படிக்கக் கூடாது. சாய்வைத் திட்டப் பிழையால் வகுத்துத்தான் `t`, அந்த `t`யிலிருந்துதான் பி. லட்சம் பேரின் தரவு கையிலிருந்தால் திட்டப் பிழை சுருங்கிவிடும். அப்போது யாருக்கும் பயனில்லாத அற்பச் சாய்வுக்கும் மூன்று ஸ்டார் விழும்.

ஸ்டாரை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு இந்தத் திரையிலேயே சாட்சி இருக்கிறது. மேல் வரியைப் பாருங்கள். `(Intercept)` என்பது வேகம் பூஜ்யமாக இருக்கும்போது கோடு காட்டும் தூரம்: மைனஸ் 17.58 அடி. பி மதிப்பு 0.0123, ஒரு ஸ்டாரும் உண்டு. நின்றுகொண்டிருக்கும் கார் பதினேழரை அடி பின்னால் போய் நிற்கும் என்பதற்குப் புள்ளியியல் முத்திரை! பூஜ்ய வேகம் தரவில் இல்லையே என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் தரவில் உள்ள மிகக் குறைந்த வேகமான 4 மைலுக்கும் இந்தக் கோடு மைனஸ் 1.85 அடி என்கிறது. அந்த வேகத்தில் உண்மையில் பதிவானவை 2 அடியும் 10 அடியும்.

கடைசியாக ஆர் ஸ்கொயர், 0.6511. தூரங்களில் காணும் ஏற்ற இறக்கத்தில் 65 சதவீதத்தை வேகம் விளக்குகிறது என்று எல்லோரும் எழுதுவார்கள். எழுதலாம், தவறில்லை. ஆனால் அந்த 65 சதவீதம் வர்க்கங்களில் கணக்கிட்டது. அடிக்கணக்கில் பார்த்தால் கதை வேறு. வேகம் தெரியாமல் எல்லாக் காருக்கும் சராசரித் தூரத்தையே சொன்னால் நம் கணிப்பு சுமார் 26 அடி பிசகும். வேகம் தெரிந்து கோட்டைப் பயன்படுத்தினால் பிசகு 15 அடி. திரையில் `Residual standard error: 15.38` என்று இருப்பது இதுதான். பிசகு 40 சதவீதம் குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். 20 மைல் வேகத்தில் வரும் ஒரு காருக்குக் கோடு சொல்வது 61 அடி. அந்த ஒரு கார் நிற்கும் இடமோ 30 அடியிலிருந்து 92 அடி வரை எங்கும் இருக்கலாம். தரவிலேயே 20 மைலில் வந்த ஒரு கார் 32 அடியில் நின்றிருக்கிறது. பி மதிப்பு எவ்வளவு சிறிதானாலும் இந்த அகலம் குறையாது.

கோடு கீழ்முனையில் ஏன் பிசகுகிறது என்பதற்கு இயற்பியலில் பதில் உண்டு. ஓட்டுநர் சுதாரிப்பதற்குள் கார் ஓடும் தூரம் வேகத்துக்கு ஏற்பக் கூடும். பிரேக் பிடித்த பிறகு ஓடும் தூரமோ வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். ஆகவே வர்க்கத்தையும் சேர்த்துப் போட்டுப் பார்ப்போம்:

```
            Estimate Std. Error t value Pr(>|t|)
(Intercept)  2.47014   14.81716   0.167    0.868
speed        0.91329    2.03422   0.449    0.656
I(speed^2)   0.09996    0.06597   1.515    0.136

Multiple R-squared:  0.6673
```

ஒரு ஸ்டார்கூட இல்லை. ஸ்டாரை மட்டும் பார்ப்பவர் இந்த இடத்தில் ஆய்வே தோற்றுவிட்டது என்று முடிவு கட்டுவார். ஆனால் இந்த வளைகோடு 4 மைல் வேகத்துக்கு 7.7 அடி என்கிறது, பதிவான 2க்கும் 10க்கும் நடுவில். ஆர் ஸ்கொயரும் சற்று ஏறியிருக்கிறது. பிறகு ஸ்டார்கள் எங்கே போயின? திட்டப் பிழைப் பத்தியைப் பாருங்கள். `speed` வரியில் 0.4155 ஆக இருந்தது 2.034 ஆகிவிட்டது, கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. வேகம் ஏறினால் அதன் வர்க்கமும் கூடவே ஏறும். தூரம் கூடியதில் எது வேகத்தின் பங்கு, எது வர்க்கத்தின் பங்கு என்று 50 அளவீடுகளை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. இரண்டையும் சேர்த்து மொத்தமாகச் சோதிக்கும் எஃப் சோதனையின் பி மதிப்போ, அதே திரையின் கடைசி வரியில், `5.852e-12` என்று இருக்கிறது. தொடர்பு எங்கும் போய்விடவில்லை, பங்கு பிரிப்பதில்தான் சிக்கல்.

அதனால் ஸ்கிரீன்ஷாட் அனுப்புகிறவர்களிடம் நான் கேட்பவை இரண்டு. புள்ளிகளை வரைந்த படத்தையும் சேர்த்து அனுப்புங்கள். கோடு வளைய வேண்டிய இடத்தில் நேராகப் போகிறதா, வேகம் கூடக்கூடப் புள்ளிகள் அகன்று சிதறுகின்றனவா என்பது படத்தில் தெரியும், அட்டவணையில் தெரியாது. பிறகு, கண்டதை ஸ்டார் என்ற சொல்லே வராமல் ஒரு வாக்கியத்தில் எழுதுங்கள்: “வேகம் மணிக்கு ஒரு மைல் கூடும்போது நிற்கும் தூரம் சுமார் 4 அடி கூடுகிறது (3.1 முதல் 4.8 வரை), தனி ஒரு காருக்கான கணிப்பு 15 அடி அளவுக்குப் பிசகும், மிகக் குறைந்த வேகத்துக்கு இந்தக் கோடு பொருந்தாது.” பி மதிப்பை அதன் பிறகு அடைப்புக்குறிக்குள் சேர்த்துக்கொள்ளலாம். வைவாவில் எதிரே இருப்பவர் எந்தக் கேள்வி கேட்டாலும், அந்த வாக்கியத்தின் ஏதோ ஒரு பகுதியைத்தான் கேட்பார்.