முகம் மாற்றிய படத்துக்கு ‘மாதிரிப் படம்’ என்று போட்டால் போதுமா? கல்லூரி மலருக்கு ஒரு பக்க விதி

கல்லூரி ஆண்டு மலர் தயாராகும் சீசனில் மாணவர் ஆசிரியர் குழுவின் வாட்ஸ்அப்பில் படங்கள் வந்து குவியும். அவற்றில் எந்த முகம் எந்த உடலுக்குச் சொந்தம் என்று இப்போது பார்த்தவுடன் சொல்லிவிட முடியாது. முகத்தை மாற்ற ஃபோட்டோஷாப் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஓர் ஆப்பில் இரண்டு படங்களைக் கொடுத்தால் போதும், சில நொடிகளில் வேலை முடிந்துவிடும்.

அப்படிப்பட்ட படத்துக்குக் கீழே ‘மாதிரிப் படம்’ என்றோ ‘எடிட் செய்யப்பட்டது’ என்றோ ஒரு வரி போட்டுவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று தோன்றலாம். தீராது. என்ன மாற்றப்பட்டது என்பதை லேபிள் சொல்ல வேண்டும். படம் எங்கே போனாலும் லேபிளும் கூடவே போக வேண்டும். இதற்கெல்லாம் முன்னால், படத்தில் இருப்பவர்களின் சம்மதம் வேண்டும். இந்த மூன்றையும் ஒரே பக்கத்தில் விதியாக எழுதிவிட முடியும்.

மூன்று படங்கள்

ஒரு துறையின் இறுதியாண்டுப் பக்கத்துக்கு மூன்று படங்கள் வருவதாக வைத்துக்கொள்வோம்.

முதல் படம், வகுப்பு குரூப் ஃபோட்டோ. 40 பேர் நிற்கும்போது எல்லோரும் ஒரே நேரத்தில் கண் திறந்திருப்பது அபூர்வம். ஒருவர் கண்ணை மூடியிருந்தால், அடுத்தடுத்து எடுத்த வேறொரு ஃபிரேமிலிருந்து அவருடைய முகத்தை எடுத்து இங்கே பொருத்தலாம். 2023இல் வந்த கூகுள் பிக்சல் 8 ஃபோனில் இதற்கென்றே ‘பெஸ்ட் டேக்’ என்ற வசதி இருக்கிறது.

இரண்டாவது படமும் குரூப் ஃபோட்டோதான். ஆனால் அன்று ஒரு மாணவர் பிளேஸ்மென்ட் இன்டர்வியூவுக்குப் போய்விட்டார். அவர் இடத்தில் ஜூனியர் ஒருவரை நிற்க வைத்துப் படம் எடுத்து, பிறகு முகத்தை மட்டும் மாற்றிவிட்டார்கள்.

மூன்றாவது படம் ஃபேர்வெல் பக்கத்துக்கு. ‘பாட்ஷா’ ஆட்டோக்காரர் ரஜினியின் உடலில் துறைத் தலைவரின் முகம். சும்மா ஜாலிக்குத்தான்.

தொழில்நுட்பமாகப் பார்த்தால் மூன்றுமே முகமாற்றம். ஆனால் படிப்பவரிடம் மூன்றும் ஒரே பொய்யைச் சொல்லவில்லை. முதல் படத்தில் ஆளும் இடமும் நேரமும் உண்மை, அந்த நொடியின் முகபாவம் மட்டும் வேறு. இரண்டாவது படம், அங்கே இல்லாத ஒருவர் இருந்தார் என்று சொல்கிறது. மூன்றாவதைப் பார்த்து யாரும் ஏமாறப்போவதில்லை. ஆனால் யாராவது புண்படலாம்.

ஆகவே ‘மாதிரிப் படம்’ என்ற பொதுவான சொல் மூன்றுக்குமே பொருந்தாது. நாளிதழ்களில் இந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் உண்டு: செய்தியில் வரும் சம்பவத்தின் படம் இதுவல்ல, அதுபோன்ற வேறொன்றின் படம். முகம் மாற்றப்பட்டது என்ற தகவலை அது தருவதே இல்லை.

சின்ன மாற்றம்தானே?

முதல் படத்துக்கு லேபிள் தேவையா என்று கேட்கலாம். அதே ஆள், அதே இடம், அதே நிமிடம். வகுப்புப் படமாக இருக்கும்வரை இது பெரிய விஷயமில்லை, ஒரு சிறு குறிப்பு போதும். ஆனால் இதே வேலையை நிகழ்ச்சிப் படத்தில் செய்தால் கதை மாறிவிடும்.

2023 மே 28 அன்று டெல்லியில் போராடிய மல்யுத்த வீராங்கனைகள் வினேஷ் போகட், சங்கீதா போகட் உள்ளிட்டோரைப் போலீஸ் வாகனத்தில் ஏற்றிச் சென்றார்கள். வாகனத்துக்குள் எடுத்த செல்ஃபியில் யாரும் சிரிக்கவில்லை. அந்தப் படத்தில் எல்லோரும் சிரிப்பதுபோல் முகங்களை மாற்றி ஒரு போலிப் படம் பரவியது. ஆட்கள் அதே ஆட்கள், இடமும் அதே வாகனம்தான். உதடும் கன்னமும் மட்டும்தான் மாறின. ஆனால் அது போராட்டத்தையே கேலியாக்கப் போதுமானதாக இருந்தது.

இரங்கல் கூட்டம், மாணவர் போராட்டம், மேடையில் நடந்த வாக்குவாதம் போன்றவற்றில் முகபாவமே செய்தி. அங்கே ‘நல்ல முகம்’ தேடிப் பொருத்தக் கூடாது, லேபிள் போட்டும் கூடாது.

இரண்டாவது படத்தில் ஆபத்து வேறு விதமானது. குரூப் ஃபோட்டோ என்பது யார் இருந்தார்கள் என்பதற்கான பதிவு. இன்று வகுப்புப் படத்தில் ஒருவரைச் சேர்ப்பது அன்பாகத் தெரியலாம். நாளை அதே பழக்கம் என்எஸ்எஸ் முகாம் படத்துக்கும் கருத்தரங்கப் படத்துக்கும் போகும். நாக் மதிப்பீட்டுக்குக் கல்லூரிகள் நிகழ்ச்சிப் படங்களை ஆதாரமாகக் கொடுக்கின்றன. மலரில் வந்த படத்தை யாராவது அப்படியே எடுத்துக் கோப்பில் சேர்த்தால், வராதவர் வந்தவர் ஆகிவிடுவார். வராதவரின் தனிப் படத்தை மூலையில் ஒரு கட்டத்துக்குள் போட்டு, ‘படம் எடுத்த அன்று வர இயலாதவர்’ என்று எழுதுவதுதான் நேர்மையான வழி. பழைய மலர்களைப் புரட்டியவர்களுக்கு இது தெரிந்த வழிதான்.

லேபிள் எங்கே இருக்க வேண்டும்?

2005 மார்ச்சில் அமெரிக்காவின் ‘நியூஸ்வீக்’ அட்டையில் மார்த்தா ஸ்டூவர்ட் ஸ்லிம்மாக, சிரித்தபடி வந்தார். அவர் சிறையிலிருந்து விடுதலையாகும் நேரம் அது. உண்மையில் தலை மட்டும்தான் அவருடையது, உடல் ஒரு மாடலுடையது. பத்திரிகை இதை மறைக்கவும் இல்லை. உள்பக்கத்தில், படம் எடுத்தவர்கள் பெயர் வரும் சிறிய வரியில், இது ஒட்டிச் சேர்த்த படம் என்ற குறிப்பு இருந்தது. கடையில் அட்டையை மட்டும் பார்த்துவிட்டுப் போனவர்களுக்கு அது எப்படித் தெரியும்? பத்திரிகைப் புகைப்படக்காரர்களின் அமைப்பு இதைக் கடுமையாகக் கண்டித்தது.

லேபிள் இருப்பது வேறு, கண்ணில் படுவது வேறு. கல்லூரி மலரில் இந்த இடைவெளி இன்னும் பெரிது. மலரை யாரும் முழுதாக ஷேர் செய்வதில்லை. பிடிஎஃபிலிருந்து தன் படத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, கிராப் செய்து, ஸ்டேட்டஸில் வைப்பார்கள். கீழே இருந்த படக்குறிப்பு அங்கேயே நின்றுவிடும். அதனால் லேபிளை இரண்டு இடத்தில் போட வேண்டும்: படத்துக்குள்ளேயே முகத்துக்கு அருகே ஒன்று, படக்குறிப்பின் முதல் சொற்களாக இன்னொன்று. ஓரத்தில் போட்டால் முதல் கிராப்பிலேயே வெட்டுப்பட்டுவிடும்.

யாரிடம் கேட்க வேண்டும்?

முகமாற்றத்தில் எப்போதும் இரண்டு பேர் இருக்கிறார்கள். முகத்துக்குச் சொந்தக்காரரை எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும், உடலுக்குச் சொந்தக்காரரை மறந்துவிடுவார்கள். 1989இல் ‘டிவி கைடு’ இதழின் அட்டையில் ஓப்ரா வின்ஃப்ரேயின் தலையை நடிகை ஆன்-மார்கரெட்டின் பழைய விளம்பரப் படத்து உடலில் பொருத்தினார்கள். இருவரிடமும் அனுமதி கேட்கவில்லை. அந்த உடையை வடிவமைத்தவர் தன் உடையை அடையாளம் கண்டுகொண்டதால்தான் விஷயம் வெளியே வந்தது. 2023 நவம்பரில் பரவிய ராஷ்மிகா மந்தனா டீப்ஃபேக் வீடியோவிலும் இதே கதைதான். அதில் இருந்த உடல் வேறொரு பெண்ணுடையது. அவரும் பாதிக்கப்பட்டவரே.

நம் உதாரணத்தில் அந்த ஜூனியரிடம் யாரும் கேட்கவில்லை. ‘பாட்ஷா’ படத்துக்குத் துறைத் தலைவரிடம் முன்கூட்டியே காட்டி ‘ஓகேவா சார்?’ என்று கேட்டுவிடலாம். அவர் வேண்டாம் என்றால் படம் வராது. ஆனால் வகுப்புத் தோழியின் முகத்தை ஒரு நடிகையின் உடலில் பொருத்தி, ‘நகைச்சுவைக்காக’ என்று கீழே எழுதினால் அது சரியாகிவிடாது. லேபிள் படிப்பவருக்குச் சொல்லும் தகவல். சம்மதம் படத்தில் இருப்பவருக்குத் தர வேண்டிய மரியாதை. ஒன்றைக் கொடுத்து இன்னொன்றை ஈடுகட்ட முடியாது.

விதியின் வாசகம்

ஒரு மலர்க் குழு அப்படியே எடுத்துப் பயன்படுத்தும் அளவுக்கு இதை ஆறு வரிகளில் எழுதலாம்:

1. ஒருவரின் முகத்தை வேறு படத்திலிருந்து எடுத்துப் பொருத்திய எந்தப் படமும் ‘முகம் மாற்றப்பட்ட படம்’ எனக் கருதப்படும். ஃபோனே தானாகச் செய்திருந்தாலும் இதே விதிதான்.

2. நிகழ்ச்சி, முகாம், போராட்டம், இரங்கல், விருது ஆகியவற்றின் படங்களில் முகமாற்றம் கிடையாது. வராதவரைக் குழுப் படத்தில் சேர்க்கக் கூடாது, அவர் படம் தனிக் கட்டத்தில் வரும்.

3. ஒரே நேரத்தில் எடுத்த ஃபிரேம்களிலிருந்து சேர்த்த வகுப்புப் படத்துக்கு, ‘பல ஃபிரேம்களிலிருந்து சேர்த்த படம்’ என்று படக்குறிப்பில் எழுத வேண்டும்.

4. நகைச்சுவைப் பக்கத்தில் வரும் முகமாற்றத்துக்கு, படத்துக்குள்ளும் படக்குறிப்பின் தொடக்கத்திலும் ‘முகம் மாற்றப்பட்டது’ என்று இருக்க வேண்டும். எழுத்து, படக்குறிப்பு எழுத்தைவிடச் சிறியதாக இருக்கக் கூடாது. யாருடைய முகம், எந்தப் படத்தில் என்பதும் குறிப்பில் வர வேண்டும்.

5. முகத்துக்குரியவரும் உடலுக்குரிய மாணவரோ ஆசிரியரோ இறுதிப் படத்தைப் பார்த்து எழுத்தில் சம்மதம் தர வேண்டும். அச்சுக்குப் போகும்வரை அதைத் திரும்பப் பெறலாம், காரணம் சொல்லத் தேவையில்லை.

6. படம் தருபவர் மூலப் படங்களையும் சேர்த்துத் தர வேண்டும். தராவிட்டால் படம் வராது.

ஆறாவது வரி ஏன்?

கண்ணால் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம் என்று நம்ப வேண்டாம். சில தடயங்கள் உதவும். பெரும்பாலான ஆப்கள் புருவத்திலிருந்து தாடை வரைதான் மாற்றும். காதும் முடியும் கழுத்தும் பழைய ஆளுடையதாகவே இருக்கும். ஆகவே கழுத்தின் நிறம், கண்ணாடியின் காது பக்கக் கம்பி, மூக்கின் நிழல் விழும் திசை ஆகியவற்றைப் பெரிதாக்கிப் பார்க்கலாம். ஆனால் 40 பேர் நிற்கும் படத்தில் ஒரு முகம் கட்டைவிரல் நகத்தின் அளவுக்குக்கூட வராது. அந்த அளவில் எந்தத் தடயமும் தெரியாது.

கோப்புக்குள் இருக்கும் தகவல் கொஞ்சம் கைகொடுக்கும். ‘பெஸ்ட் டேக்’ போன்றவற்றில் சேர்த்த படம் என்ற குறிப்பு கூகுள் ஃபோட்டோஸின் விவரப் பகுதியில் வரும். ஆனால் வாட்ஸ்அப்பில் ஃபோட்டோவாக அனுப்பினால் படம் சுருங்கும், கோப்பின் தகவலும் போய்விடும். அதனால் படத்தை ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொல்ல வேண்டும், அல்லது டிரைவில் ஏற்றச் சொல்ல வேண்டும். அப்படியும் தெரியாமல் ஒரு படம் நுழைந்துவிட்டால், பிடிஎஃபைத் திருத்தி, எந்தப் பக்கம், எந்தப் படம் என்று திருத்தம் வெளியிடுவதைத் தவிர வேறு வழியில்லை.

இந்த ஆறு வரிகளும் படம் கேட்டு அனுப்பும் முதல் சுற்றறிக்கையிலேயே இருக்க வேண்டும். அச்சகத்துக்குப் போகும் முந்தைய இரவில் விதியைச் சொன்னால், அது குறிப்பிட்ட ஒருவரின் படத்தை நிறுத்துவதற்காகவே வந்ததாகத்தான் எல்லோரும் நினைப்பார்கள்.