ட்ரயல் பேலன்ஸ் டேலி ஆனால் மட்டும் போதுமா?

கடைக் கணக்கைப் பழைய சாஃப்ட்வேரிலிருந்து புதியதற்கு மாற்றுபவர்கள் ஒரு காரியத்தைத் தவறாமல் செய்கிறார்கள். டேட்டா ஏறியதும் ட்ரயல் பேலன்ஸைத் திறந்து, பற்று, வரவு இரண்டின் கூட்டுத்தொகையும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். ஒன்றாக இருந்தால் மறுநாள் காலையே பில் போட ஆரம்பித்துவிடுகிறார்கள். இது அவசரம் என்பது என் கருத்து. ட்ரயல் பேலன்ஸ் டேலி ஆவது முதல் சோதனைதான். ஸ்டாக் மதிப்பு பொருள் வாரியாக ஒத்துப்போகும்வரை புதிய சாஃப்ட்வேரில் ஒரு பில்கூடப் போடக் கூடாது.

ஏன் என்பதை ஓர் உதாரணத்தோடு பார்ப்போம். ஒரு மின்சாமான் கடை மார்ச் 31 இரவோடு பழைய கணக்கை முடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ரொக்கம் 40,000, வங்கி 2,10,000, வாடிக்கையாளர் பாக்கி 3,50,000, ஸ்டாக் 6,00,000, மரச்சாமான்கள் 1,00,000. பற்றுப் பக்கம் மொத்தம் 13,00,000 ரூபாய். வரவுப் பக்கத்தில் முதல் 8,50,000, சப்ளையர்களுக்குத் தரவேண்டியது 3,80,000, கடன் 50,000, கட்டவேண்டிய ஜிஎஸ்டி 20,000. அதுவும் 13,00,000.

புதிய சாஃப்ட்வேர் டேலி என்று கொள்வோம். கணக்கையும் ஸ்டாக்கையும் இணைத்து வைத்திருந்தால், டேலி ஆரம்ப ஸ்டாக்கின் மதிப்பை ஒவ்வொரு பொருளின் ஆரம்ப இருப்பிலிருந்தும் தானே கூட்டிக்கொள்ளும். நம் கடையில் பொருள்கள் எல்லாம் ஏறியபின் அந்தக் கூட்டுத்தொகை 6,08,466 என்று வருகிறது. ட்ரயல் பேலன்ஸின் அடியில் Difference in opening balances என்ற வரியில் 8,466 ரூபாய் தெரிகிறது.

இங்கேதான் பலர் குறுக்கு வழியில் போகிறார்கள். முதல் கணக்கில் 8,466-ஐக் கூட்டிவிட்டால் அந்த வரி மறைந்துவிடும், ட்ரயல் பேலன்ஸும் அழகாக டேலி ஆகிவிடும். சிலர் சஸ்பென்ஸ் என்று ஒரு கணக்கைத் திறந்து அதில் தள்ளிவிடுகிறார்கள். இரண்டுமே தவறு. போன வருடக் கணக்கில் காட்டிய இறுதி ஸ்டாக்தான் இந்த வருட ஆரம்ப ஸ்டாக். அது இரவோடு இரவாக 8,466 ரூபாய் கூட முடியாது. அப்படிக் கூட்டிக் காட்டினால் அந்தச் சரக்கு விற்கும்போது அடக்கவிலை அதிகமாகி, இந்த வருட லாபம் அந்த அளவு குறைந்து தெரியும்.

சரி, வித்தியாசத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? பழைய சாஃப்ட்வேரின் ஸ்டாக் பட்டியலையும் புதியதன் பட்டியலையும் எக்ஸெலுக்கு மாற்றுங்கள். இரண்டிலும் A காலத்தில் பொருளின் பெயர், B-ல் எண்ணிக்கை, C-ல் விலை, D-ல் மதிப்பு. பழைய பட்டியல் Old என்ற ஷீட்டிலும் புதியது New என்ற ஷீட்டிலும் இருக்கட்டும். Old ஷீட்டின் E2 கட்டத்தில் இதை டைப் செய்து கீழே கடைசிப் பொருள்வரை இழுத்துவிடுங்கள்:

```
=SUMIF(New!A:A,A2,New!D:D)-D2
```

பூஜ்யம் வராத வரிகளை மட்டும் பார்த்தால் போதும். முழு மதிப்பும் மைனஸில் வந்தால், அந்தப் பொருள் ஏறவே இல்லை அல்லது பெயர் மாறியிருக்கிறது. பெயருக்குப் பின்னால் ஒரு ஸ்பேஸ் கூடுதலாக இருந்தால்கூட அப்படி வரும். இதே சோதனையை New ஷீட்டிலிருந்து Old-க்கும் ஒருமுறை செய்யுங்கள். புதியதில் மட்டும் இருக்கும் பொருள்கள் அப்போதுதான் தெரியும்.

நம் கடையில் மூன்று வரிகள் சிக்குகின்றன. முதலாவது சீலிங் ஃபேன். 20 ஃபேன், ஒன்று 2,000 வீதம் 40,000 என்று இருந்தது புதியதில் 47,200 ஆகியிருக்கிறது. 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்த விலையான 2,360 ஏறிவிட்டது. திரும்ப எடுத்துக்கொள்ளும் வரியை ஸ்டாக் மதிப்பில் சேர்க்கக் கூடாது. எனவே விலையைத் திருத்த வேண்டும். இதில் 7,200 போயிற்று.

இரண்டாவது ஸ்க்ரூ. 20,000 ஸ்க்ரூ, ஒன்று 0.3467 ரூபாய், மதிப்பு 6,934. இரண்டு தசம இடத்தோடு 0.35 என்று ஏறியதால் 7,000 ஆகிவிட்டது. வித்தியாசம் 66 ரூபாய். விலையை நாலு தசம இடத்தோடு ஏற்றினால் சரியாகிவிடும். தொகை சிறியது என்று விட்டுவிடாதீர்கள். காரணம் தெரிந்த 66 ரூபாயை அன்றே திருத்திவிடலாம். காரணம் தெரியாத 66 ரூபாய் என்றால், ஒன்றையொன்று ஈடுகட்டும் இரண்டு பெரிய தவறுகள் அதற்குள் ஒளிந்திருக்கலாம்.

மூன்றாவதுதான் சுவாரசியமானது. ஸ்விட்ச் ஒன்று பழைய கணக்கில் மைனஸ் 20, ஒன்று 60 வீதம் மைனஸ் 1,200. புதியதில் அது பூஜ்யமாக ஏறியிருக்கிறது. இல்லாத பொருளை எப்படி விற்க முடியும்? அலமாரியில் போய் எண்ணினால் ஒன்றும் இல்லை. கொள்முதல் பில் பதியாமலேயே 20 ஸ்விட்சை விற்றிருக்கிறார்கள் என்பது அந்த பில்லைத் தேடி எடுத்ததும் தெரிகிறது. ஆகவே திருத்த வேண்டியது பழைய கணக்கைத்தான். அதில் பில்லைப் பதிந்ததும் ஸ்டாக் 6,01,200, சப்ளையர் பாக்கி 3,81,200 ஆகும் (எளிமைக்காக வரியை விட்டுவிட்டேன்). புதியதிலும் அந்த சப்ளையர் பாக்கியை மாற்றுங்கள். ஃபேனும் ஸ்க்ரூவும் திருந்திய பட்டியலின் கூட்டுத்தொகையும் 6,01,200. முதல் கணக்கைத் தொடாமலே ட்ரயல் பேலன்ஸ் 13,01,200-ல் டேலி ஆகிறது.

வாடிக்கையாளர் பட்டியலையும் இதே முறையில் பெயர் வாரியாக ஒப்பிடுங்கள். ஒருவர் 5,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்திருந்து, அது பாக்கியாக ஏறிவிட்டால் வித்தியாசம் இரண்டு மடங்காக 10,000 வரும். எனவே வித்தியாசத்தில் பாதித் தொகை யார் பெயரிலாவது இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இரண்டு பேரின் பாக்கி இடம் மாறியிருந்தாலோ ட்ரயல் பேலன்ஸ் ஒன்றுமே சொல்லாது. பாக்கி கேட்டுப் போன் செய்யும்போதுதான் தெரியவரும்.

இதையெல்லாம் பில் போட ஆரம்பித்தபிறகு செய்யலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அந்த ஃபேனையே பாருங்கள். ஏப்ரல் 3-ல் இன்னும் 20 ஃபேன் 2,000 வீதம் வாங்கினால் சராசரி விலை 2,180 ஆகிவிடும். 2,360 என்று இருந்தபோது வரியின் வாடை பளிச்சென்று தெரிந்தது. 2,180-ஐப் பார்த்து யாருக்கும் சந்தேகம் வராது. பத்து ஃபேன் விற்றபின் தவறில் ஒரு பகுதி லாபத்திலும் மறுபகுதி ஸ்டாக்கிலும் கரைந்துவிடும். பிறகு ஆரம்ப விலையைத் திருத்தினால், ஏற்கெனவே எடுத்து வைத்த லாப ரிப்போர்ட் எல்லாம் மாறிப்போகும்.

ஆகவே கணக்கு மாறும் நாளில் ஒருநாள் கையால் பில் எழுதினாலும் பரவாயில்லை. இரண்டு ட்ரயல் பேலன்ஸ், இரண்டு ஸ்டாக் பட்டியல் ஆகியவற்றைப் பிரிண்ட் எடுத்து, கடைக்காரரும் கணக்கரும் கையெழுத்துப் போட்டு, புதிய டேட்டாவை பேக்கப் எடுத்த பிறகே விற்பனையாளருக்குப் பாஸ்வேர்டு கொடுங்கள். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். பழைய கணக்கும் புதிய கணக்கும் ஒன்று என்பதைத்தான் இந்தச் சோதனை காட்டும். அலமாரியில் அத்தனை சரக்கு உண்மையிலேயே இருக்கிறதா என்பதை எண்ணித்தான் பார்க்க வேண்டும். மதிப்பு அதிகமுள்ள பத்துப் பொருள்களையாவது அன்றே எண்ணிவிடுங்கள்.