வார்த்தையே இல்லாம ஒரு ஸ்க்ரீன்ஷாட் வந்தா... முதல்ல என்ன பண்ணணும்?

ராத்திரி 11 மணிக்கு மேல வாட்ஸ்அப்பில் ஒரு படம் வருது. திறந்து பார்த்தா, யாரோ அனுப்பின மிரட்டல் மெசேஜோட ஸ்க்ரீன்ஷாட். அதுக்கு மேலேயும் கீழேயும் ஒரு வார்த்தை இல்லை. அனுப்பியது உங்கள் நண்பர். 'என்னாச்சு, யாரு இவன்?' என்று கேட்கவோ, 'உடனே பிளாக் பண்ணிடு' என்று சொல்லவோ கை பரபரக்கும். இரண்டையும் ஒரு நிமிஷம் தள்ளிப்போடுங்கள்.

ஏன்னா, ஒரு மனுஷன் வார்த்தை இல்லாம படத்தை மட்டும் அனுப்புறதுக்குப் பல காரணம் இருக்கலாம். பயத்துல டைப் பண்ண முடியலை, வெட்கத்துல சொல்ல முடியலை, இல்லைன்னா மிரட்டுற ஆளே பக்கத்துல இருக்கான். மூணாவது காரணமா இருந்தா, நீங்க அனுப்பும் பதில் அந்த போன் லாக் ஸ்க்ரீன்ல பளிச்னு தெரியும். அதனால முதல் பதிலில் மிரட்டலைப் பற்றி எதுவுமே வேண்டாம். "மக்கா, கூப்பிடவா?" இவ்வளவு போதும். போனை எடுத்ததும், "தனியா இருக்கியா? ஆமா, இல்லைன்னு மட்டும் சொல்லு" என்று தொடங்கலாம்.

படத்தைப் படிக்கத் தெரியணும்

கூப்பிடுவதற்கு முன் ஸ்க்ரீன்ஷாட்டை நிதானமாகப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் இடது பக்கம் இருப்பது அந்த போனுக்கு வந்த மெசேஜ். வலது பக்கம் இருப்பது அந்த போனிலிருந்து போனது. மிரட்டல் வலது பக்கம் இருந்தால், அதை அனுப்பியது அந்த போனை வைத்திருப்பவர்தான். அதாவது, வேறொருவர் எடுத்த ஸ்க்ரீன்ஷாட் உங்கள் நண்பர் வழியாக வந்திருக்கலாம், அல்லது நண்பரே கோபத்தில் எதையோ அனுப்பிவிட்டு முழிக்கலாம்.

அடுத்து, மேலே பெயர் இருக்கிறதா, வெறும் நம்பரா என்று பாருங்கள். பெயர் இருந்தால் தெரிந்த ஆள். நம்பர் மட்டும் இருந்து, அதுவும் +91-ல் தொடங்காவிட்டால், பெரும்பாலும் முகம் தெரியாத கும்பல். மெசேஜ் வந்த நேரத்தையும் பாருங்கள். அஞ்சு நிமிஷம் முன்னாடி வந்த "வாசல்ல நிக்கேன்" வேற, மூணு நாள் பழைய மெசேஜ் வேற. இவ்வளவும் பார்த்த பிறகும், "இது உனக்கு வந்ததா?" என்று வாயால் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

தூத்துக்குடியில் ஒரு மே மாசம்

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகுகள் எல்லாம் கட்டிக் கிடக்கும். படகுக்கு வேலைக்குப் போகிற இளைஞருக்கு அந்த இரண்டு மாசமும் கையில் காசு புரளாது. ஒரு கடன் ஆப்பில் 5,000 ரூபாய் கேட்கிறார். 'கட்டணம்' போக 3,200 ரூபாய்தான் கணக்கில் ஏறுகிறது. ஏழாம் நாள் முழு 5,000-ம் கட்டணும். கட்ட முடியவில்லை. "உன் போட்டோவை மாத்தி உன் கான்டாக்ட்ஸ் எல்லாருக்கும் அனுப்புவோம்" என்று மெசேஜ் வருகிறது. அதைத்தான் வார்த்தை இல்லாமல் உங்களுக்கு அனுப்புகிறார்.

இங்கே மிரட்டுவது யார்? 2021 ஜனவரியில் சென்னை மத்தியக் குற்றப்பிரிவு போலீஸார், கடன் ஆப் மிரட்டல் வழக்கு ஒன்றைத் துரத்திக்கொண்டு பெங்களூரு வரை போனார்கள். அங்கே ஒரு கால் சென்டரே இதற்காக நடந்துகொண்டிருந்தது. சீனர்கள் இருவர் உட்பட நான்கு பேர் கைதானார்கள். சம்பளத்துக்கு உட்கார்ந்து ஒரே வசனத்தை நாள் முழுக்கப் பலருக்கும் அனுப்புகிற தொழில் இது. உங்கள் நண்பர் மேல் அவர்களுக்குத் தனிப் பகை கிடையாது. இதை எடுத்துச் சொன்னாலே பாதி பயம் இறங்கும்.

சட்டமும் நண்பர் பக்கம் நிற்கிறது. ரிசர்வ் வங்கியின் விதிகள்படி கடன் ஆப் எதுவும் உங்கள் கான்டாக்ட் லிஸ்ட்டைத் தொடவே கூடாது. வசூலுக்காகக் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் கூப்பிடக் கூடாது. கடன் வாங்கியது குற்றம் இல்லை. மிரட்டுவதுதான் பாரதிய நியாய சன்ஹிதா 351-ம் பிரிவில் குற்றம்.

பிளாக் கடைசியில்தான்

வாட்ஸ்அப்பில் அனுப்பியவர் சுமார் இரண்டு நாள் வரை தன் மெசேஜை எல்லோருக்கும் சேர்த்து அழித்துவிட முடியும். அதனால் சாட்டை மேலிருந்து கீழ் வரை, நம்பரும் தேதியும் தெரிகிற மாதிரி ஸ்க்ரீன்ஷாட் எடுக்கச் சொல்லுங்கள். பிறகு 'எக்ஸ்போர்ட் சாட்' செய்து மெயிலில் சேமிக்கலாம். ஒருமுறை மட்டும் பார்க்கிற படமாக வந்தால் ஸ்க்ரீன்ஷாட் விழாது; இன்னொரு போனால் படம் பிடிக்க வேண்டியதுதான். ஒரிஜினல் சாட்டை அழிக்கவே கூடாது. வெறும் ஸ்க்ரீன்ஷாட்டை 'எடிட் பண்ணினது' என்று எதிர்த்தரப்பு சொல்லிவிடலாம். நீதிமன்றத்தில் மின்னணு ஆதாரத்துக்கு முறையான சான்றிதழ் வேண்டும், அதற்கு அந்த போனே தேவைப்படும். இதெல்லாம் முடிந்த பிறகு பிளாக்.

பணம் போயிருந்தாலோ, கேட்டு மிரட்டினாலோ 1930-க்கு அழைக்கலாம், cybercrime.gov.in தளத்திலும் புகார் கொடுக்கலாம். 'இதோட முடிஞ்சிடும்' என்று இன்னொரு தவணை கட்டுவது மட்டும் வேண்டாம். கட்டுகிறவரிடம்தான் மறுபடியும் கேட்பார்கள்.

மிரட்டுவது தெரிந்த ஆளா?

அப்போது வரிசை மாறும். முதலில் ஆதாரம் இல்லை, ஆள் பத்திரமாக இருக்கிறாரா என்பதுதான். மெசேஜில் 'இப்போ', 'வீட்டுக்கு வர்றேன்' என்று இருந்து, நண்பர் போனையும் எடுக்கவில்லை என்றால், பக்கத்தில் இருக்கிற யாரையாவது நேரில் அனுப்புங்கள், 112-க்கும் அழையுங்கள். பாதிக்கப்பட்டவர்தான் அழைக்கணும் என்றில்லை, நீங்களே அழைக்கலாம். பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098.

இந்த வகையில் ஸ்க்ரீன்ஷாட்டை நீங்கள் வேறு யாருக்கும் அனுப்பவே கூடாது. 'நம்ம கேங் குரூப்ல போட்டு ஐடியா கேப்போம்' என்பதும் தப்புதான். 2019 பொள்ளாச்சி வழக்கில் துணிந்து புகார் கொடுத்த பெண்ணின் பெயரைப் போலீஸே வெளியே சொன்னது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அதைக் கண்டித்து, 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. 2025 மே 13 அன்று ஒன்பது பேருக்குச் சாகும்வரை ஆயுள் தண்டனை கிடைத்தது. ஆனால் பெயர் வெளியே போன அந்த ஒரு செயல், பாதிக்கப்பட்ட மற்றவர்களுக்கு 'நாமும் சொன்னால் இப்படித்தான்' என்ற பயத்தைத்தான் கொடுத்திருக்கும்.

அந்தரங்கப் படத்தை வைத்து மிரட்டினால் StopNCII.org தளம் உதவும். படத்தை எங்கேயும் ஏற்றாமல், நண்பரின் போனிலேயே அதற்கு ஓர் எண் அடையாளம் உருவாகும். அதை வைத்து ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்ற தளங்கள் அந்தப் படத்தைத் தடுக்கும். இது 18 வயதைத் தாண்டியவர்களுக்கு.

இன்னும் ஒரு கேள்வி

பணம், போட்டோ, மானம் என்று வருகிற மிரட்டலில் உயிரை விட்டவர்கள் நம் ஊரிலேயே உண்டு. அதனால் நேராகவே கேளுங்கள்: "செத்துரலாம்னு தோணுதா?" கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. 'ஆமா' என்றால் அன்றைக்கு ராத்திரி அவரைத் தனியாக விடாதீர்கள். 14416 டெலி-மனஸ் எண்ணில் 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். புகாரை விடிந்ததும் சேர்ந்து போய்க் கொடுத்துக்கொள்ளலாம்.